வளைவில் சாயும் சைக்கிள்: திருப்பு விசையை எந்தப் புள்ளியைச் சுற்றி எடுப்பது?

தெலுக் பஹாங் அணையைத் தாண்டி பாலிக் பூலாவ் போகும் மலைச்சாலையில் ஞாயிறு காலைகளில் சைக்கிள் ஓட்டுபவர்கள் நிறைய வருவார்கள். இறக்கத்தில் வளைவு வந்ததும் எல்லாரும் உள்பக்கம் சாய்கிறார்கள். எவ்வளவு சாய வேண்டும் என்று கேட்டால், என்னிடம் படிக்கும் ஆறாம் படிவ மாணவர்கள் `tan θ = v²/(rg)` என்று எழுதிவிடுவார்கள். அது எப்படி வந்தது என்று கேட்டால்தான் தடுமாறுவார்கள்.

ஒரு நாள் ஒரு மாணவன் தாளை நீட்டி, "சார், எப்படிப் போட்டாலும் இந்த ஆள் விழுந்துதான் ஆகணும்னு வருது" என்றான். வாங்கிப் பார்த்தேன். டயர் தரையைத் தொடும் புள்ளியைச் சுற்றித் திருப்பு விசை எடுத்திருந்தான். சுவரில் சாய்த்த ஏணிக் கணக்கில் நாம் சொல்லிக்கொடுப்பதும் அதுதானே? தெரியாத விசைகள் கூடும் இடத்தைத் தேர்ந்தெடு, அவை கணக்கிலிருந்து போய்விடும் என்கிறோம். அவனும் அப்படியே செய்திருந்தான். தரையின் செங்குத்து விசையும் உராய்வும் அந்தப் புள்ளி வழியாகவே போவதால் அவற்றின் திருப்பு விசை பூஜ்யம். மிச்சம் இருப்பது எடை மட்டும். அதைச் சமன்செய்ய எதுவும் இல்லை. ஆகவே ஆள் விழுகிறான்!

ஏணி நகராமல் நிற்கிறது, சைக்கிள் அப்படி இல்லை. சீரான வேகத்தில் வளைந்தாலும் அதற்கு வளைவின் மையம் நோக்கி `v²/r` முடுக்கம் இருக்கிறது. முடுக்கம் உள்ள பொருளுக்கு "திருப்பு விசைகளின் கூட்டல் பூஜ்யம் என்றால் சுழலாது" என்ற விதியை விருப்பப்பட்ட புள்ளியில் வைத்துப் பயன்படுத்த முடியாது. பொருள் எப்படி முடுக்கம் அடைந்தாலும் அந்த விதி செல்லுபடியாகும் இடம் நிறை மையம். சாயும் கோணத்துக்கு அதைச் சுற்றித் திருப்பு விசை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அப்படியே போட்டுப் பார்ப்போம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. வேகம் மணிக்கு 27 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 7.5 மீட்டர். வளைவின் ஆரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டயர் தொடும் இடத்திலிருந்து நிறை மையம் வரை உள்ள தூரம் `L` 1 மீட்டர். `θ` என்பது அந்தக் கோடு செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணம். கிடைமட்டத்திலிருந்து அளப்பவர்களுக்கு `sin`, `cos` இடம் மாறிவிடும். 21 பாகை வர வேண்டிய இடத்தில் 69 வந்தால் அங்கேதான் தவறு.

மேலும் கீழும் முடுக்கம் இல்லை, ஆகவே தரை தரும் செங்குத்து விசை `N = mg`, சுமார் 785 நியூட்டன். பக்கவாட்டில் சைக்கிளை வளைவின் உள்ளே இழுப்பது உராய்வு மட்டுமே: `f = mv²/r`, 300 நியூட்டன். எடை நிறை மையத்தின் வழியாகவே போவதால் அதற்குத் திருப்பு விசை இல்லை. எதிரெதிராகத் திருப்புவது மற்ற இரண்டும்தான்:

```
N L sin θ = f L cos θ
tan θ = f/N = v²/(rg) = 56.25/147.15 = 0.382
θ ≈ 21°
```

இதில் எந்த விசை எந்தப் பக்கம் திருப்புகிறது என்பதைப் படம் வரைந்து பார்ப்பது நல்லது. பலர் உராய்வுதான் ஆளைக் கீழே தள்ளுகிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் உராய்வு டயரை உள்பக்கம் தள்ளுகிறது. கால் உள்ளே போனால் தலை வெளியே நிமிரும். ஆளை உள்பக்கம் கவிழ்க்கப் பார்ப்பது செங்குத்து விசை, ஏனென்றால் அது நிறை மையத்துக்கு வெளிப்புறம் இருந்து மேல்நோக்கித் தள்ளுகிறது. எண்களைப் போட்டால் இரண்டு பக்கமும் சுமார் 280 நியூட்டன் மீட்டர் வருகிறது.

அந்த மாணவன் அடுத்து, "அப்போ டயர் புள்ளியைச் சுற்றி எடுக்கவே கூடாதா?" என்று கேட்டான். எடுக்கலாம், ஆனால் கணக்கை முழுசாக முடிக்க வேண்டும். டயருக்கு அடியில் தரையில் உள்ள நிலையான புள்ளியைச் சுற்றி எடையின் திருப்பு விசை `mgL sin θ`. அது பூஜ்யமாக வேண்டிய அவசியம் இல்லை. சைக்கிளின் திசை மாறிக்கொண்டே இருப்பதால் அந்தப் புள்ளியைச் சுற்றிய கோண உந்தமும் `m(v²/r)L cos θ` என்ற வீதத்தில் மாறுகிறது. இரண்டையும் சமப்படுத்தினால் அதே 21 பாகை. இன்னொரு வழி, சைக்கிளோடு கூடவே போகிறவரின் பார்வையில் நின்று, நிறை மையத்தில் `mv²/r` அளவுள்ள மையவிலக்கு விசையை வெளிநோக்கி வரைவது. அது போலி விசை. அந்தப் பார்வையில் டயர் புள்ளியைச் சுற்றி எடுத்தாலும் சரியாகவே வரும்.

இரண்டு பார்வைகளையும் ஒரே படத்தில் கலப்பது பெரிய தவறு. தரையில் நின்று பார்க்கும் படத்தில் உராய்வோடு "மையநோக்கு விசை" என்று தனியாக ஓர் அம்புக்குறியும் போடுவார்கள். உராய்வேதான் இங்கே மையநோக்கு விசை, அதை இரண்டு முறை எண்ணக்கூடாது. மாணவர் படத்தில் தரையிலிருந்து பார்க்கும்போது மூன்று அம்புக்குறிகளுக்கு மேல் இருந்தால் நான் கணக்கைப் படிக்கும் முன்பே அங்கே வட்டமிட்டுவிடுவேன்.

அப்புறம், உராய்வு என்றதும் கை தானாக `f = μN` என்று எழுதிவிடுகிறது. அப்படி எழுதினால் `tan θ = μ` என்று வரும். வேகமே காணாமல் போய்விடும், நடை வேகத்தில் வளைந்தாலும் ஒரே கோணம்தான் என்றாகும். டயர் வழுக்காமல் உருளும்போது இருப்பது ஓய்வுநிலை உராய்வு. தேவைப்படும் அளவுக்குத்தான் அது இருக்கும், `μN` அதன் உச்சவரம்பு. நம் கணக்கில் 300 நியூட்டன் தேவை, ஆகவே `μ` குறைந்தது 0.382 இருக்க வேண்டும். மழை நனைத்த ஒரு சாலையில் `μ` 0.4 என்று வையுங்கள். அப்போது அந்த வளைவில் போகக்கூடிய அதிகபட்ச வேகம் மணிக்கு 27.6 கிலோமீட்டர். நம் ஆள் எல்லைக்கு மணிக்கு 0.6 கிலோமீட்டர்தான் உள்ளே இருக்கிறார். 30 கிலோமீட்டரில் வந்திருந்தால் 25 பாகை சாய வேண்டும், `μ` 0.47 தேவைப்படும். எவ்வளவு சாய்ந்தாலும் ஈரத் தார் அதைத் தராது, டயர் வெளிப்பக்கம் வழுக்கும்.

கடைசியாக, இந்த 21 பாகை சைக்கிள் சட்டத்தின் கோணம் அல்ல, டயர் தொடும் இடத்தையும் நிறை மையத்தையும் இணைக்கும் கோட்டின் கோணம். ஓட்டுபவர் உடம்பை சைக்கிளைவிட அதிகமாக உள்ளே சாய்த்தால் சட்டம் 21-க்குக் குறைவாகவே சாயும். வளைவில் எடுத்த போட்டோவில் சட்டத்தை மட்டும் அளந்து சூத்திரம் தவறு என்று சொல்பவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சக்கரங்கள் சுழல்வதால் வரும் விளைவும் உண்டு. ஆனால் இரண்டு சக்கரங்களின் விளிம்பிலும் சேர்த்து 2 கிலோ என்று எடுத்தால் அது சுமார் 2.5 நியூட்டன் மீட்டர்தான். 280-க்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு சதவீதம்கூட இல்லை, அதனால் தேர்வுத்தாளில் அதைச் சேர்க்க வேண்டாம்.