நிறக்குருடு சோதனையில் தேறியும் அச்சில் தோற்ற நிறங்கள்

மூன்று கோடுகள் கொண்ட ஒரு வரைபடத்துக்கு ஒகாபே–இட்டோ தொகுப்பிலிருந்து கறுப்பு, ஆரஞ்சு, வான்நீலம் ஆகியவற்றை எடுத்தேன். நிறப் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகவே ஜப்பானைச் சேர்ந்த ஒகாபேயும் இட்டோவும் தேர்ந்தெடுத்த எட்டு நிறங்கள் கொண்டது அந்தத் தொகுப்பு. ஆனால் கறுப்பு-வெள்ளையில் அச்சிட்டபோது, ஆரஞ்சு எது, வான்நீலம் எது என்று எனக்கே தெரியவில்லை. அதைச் சரிசெய்த வழி இது.

முதலில் வரைபடத்தை கிம்ப் மென்பொருளில் திறந்து, `View > Display Filters` பகுதியில் `Color Deficient Vision` வடிகட்டியைச் சேருங்கள். மூன்று வகைக் குறைபாடுகளையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். இது திரையில் தெரிவதை மட்டுமே மாற்றும்; கோப்பு அப்படியே இருக்கும். இணையத்தில் படத்தை ஏற்றிச் சோதிக்கும் தளங்களைவிட எனக்கு இதுவே பிடிக்கும்.

அடுத்து, நான் ஏமாந்த இடம். வடிகட்டியை நீக்கிவிட்டு `Colors > Desaturate > Desaturate` திறந்தால் பல முறைகள் வரும். நான் `Lightness (HSL)` முறையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அது ஒரு நிறத்தின் சிவப்பு, பச்சை, நீல எண்களில் மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் கூட்டிப் பாதியாக்குகிறது, அவ்வளவுதான். ஆரஞ்சு 230, 159, 0, எனவே 115. வான்நீலம் 86, 180, 233. எனவே சுமார் 160. திரையில் இரண்டும் நன்றாகவே பிரிந்து தெரிந்தன. ஆனால் நம் கண்ணுக்குப் பச்சை மிகவும் வெளிச்சமாகவும் நீலம் மிகவும் மங்கலாகவும் படுகிறது. அதைக் கணக்கில் எடுக்கும் `Luminance` முறைக்கு மாற்றியதும் இரண்டு கோடுகளும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிவிட்டன. அச்சில் வந்ததும் அதுதான்.

ஆகவே நிறத்தின் பெயரை மறந்து, அதன் வெளிச்ச அளவைப் பாருங்கள். கிம்பின் நிறத் தேர்வுப் பெட்டியில் `LCh` என்பதை அழுத்தினால் `L` என்ற எண் தெரியும்: கறுப்பு 0, வெள்ளை 100. ஆரஞ்சுக்குச் சுமார் 71, வான்நீலத்துக்குச் சுமார் 70. வான்நீலத்தை எடுத்துவிட்டு, அதே தொகுப்பில் உள்ள அடர்நீலத்தைப் போட்டேன். அதன் அளவு சுமார் 46. கறுப்பு, அடர்நீலம், ஆரஞ்சு என்ற வரிசையில் மூன்றின் குறியீடுகள் இவை:

```
#000000
#0072B2
#E69F00
```

எந்த இரண்டு நிறங்களுக்கும் இடையே, வெள்ளைத் தாளையும் சேர்த்து, 20-க்குக் குறையாத இடைவெளி இருக்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட அளவு.

பின்சேர்க்கை: நான்காவது கோட்டுக்கு அதே தொகுப்பின் பச்சையைச் சேர்க்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதன் அளவு 58. நீலத்துக்கும் ஆரஞ்சுக்கும் நட்டநடுவில் விழுவதால் இரண்டோடும் குழம்பும். புது நிறம் தேடாமல், கறுப்பிலேயே விட்டு விட்டு வரும் கோடாகப் போடுங்கள். ஆரஞ்சை அப்படி உடைக்க வேண்டாம்; கறுப்பு-வெள்ளை லேசர் அச்சுப்பொறி சாம்பலைச் சிறுசிறு கறுப்புப் புள்ளிகளாகத்தான் அச்சிடும். மெல்லிய கோடு ஏற்கெனவே புள்ளிகளாகச் சிதறியிருக்கும்போது, நாம் விட்ட இடைவெளி அதில் தெரியாது.