டைட்டிலுக்கு முன் எதைச் சொல்வது, எதை மறைப்பது: ஆவணத் தொடரின் முதல் இரண்டு நிமிடங்களில் நேரும் தவறுகள்

கடலின் மேல் ட்ரோன் பறக்கிறது. கூரை போன தேவாலயம் தெரிகிறது. இடி முழங்குகிறது. ஒரு முதியவர் "அன்று இரவு..." என்று தொடங்குகிறார், வெட்டு. ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், வெட்டு. ஓர் ஆய்வாளர் "யாருமே எதிர்பார்க்கவில்லை" என்கிறார், வெட்டு. பழைய செய்தித்தாள், பாலத்தின் கறுப்பு வெள்ளைப் படம், முரசொலி, இருட்டு, டைட்டில்.

1964 தனுஷ்கோடிப் புயலைப் பற்றி நான்கு பகுதிகள் கொண்ட ஆவணத் தொடர் ஒன்றைக் காகிதத்தில் திட்டமிடச் சொன்னால், படத்தொகுப்பு கற்க வருபவர்களிடமிருந்து பெரும்பாலும் இதுதான் வரும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது டைட்டிலுக்கு முன் வரவேண்டிய காட்சி அல்ல, டிரெய்லர். இந்தக் கற்பனைத் தொடரையே கடைசிவரை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். டைட்டிலுக்கு முன்னால் வரும் பகுதியைச் சுருக்கமாக முன்காட்சி என்கிறேன்.

டிரெய்லருக்கும் முன்காட்சிக்கும் வேலை வேறு. டிரெய்லர், இன்னும் பார்க்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவரை இழுக்க வேண்டும். முன்காட்சியைப் பார்ப்பவரோ ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வேண்டியது, நின்று பார்க்க ஓர் இடமும் தொடர்ந்து யோசிக்க ஒரு கேள்வியும். ஆறு முகங்களையும் நான்கு இடங்களையும் இரண்டு நிமிடத்தில் காட்டினால் அவர் மனத்தில் எதுவும் தங்காது. சோதிக்க எளிய வழி உண்டு. உங்கள் முன்காட்சியை ஒருவருக்குப் போட்டுக்காட்டி, பத்து நிமிடம் வேறு எதையாவது பேசிவிட்டு, "என்ன பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். "புயல்... ஏதோ சோகம்..." என்று இழுத்தால் நீங்கள் டிரெய்லர் வெட்டியிருக்கிறீர்கள். பேட்டித் துணுக்குகளில் நல்லவற்றையெல்லாம் முன்னாலேயே கொட்டிவிடுவதால் இன்னொரு சேதமும் உண்டு: அந்த வாக்கியம் தன் உரிய இடத்தில் மூன்றாம் பகுதியில் வரும்போது, பார்ப்பவர் அதை இரண்டாம் முறையாகக் கேட்கிறார்.

ஊரறிந்ததை மறைப்பது

அடுத்த தவறு இதற்கு நேர் எதிரானது. டிரெய்லர் வேண்டாம் என்றதும் சிலர் எல்லாவற்றையும் பூட்டிவைத்துவிடுகிறார்கள். அழகான கடல், மீனவர்கள், அமைதியான ஊர். "ஆனால் அந்த இரவு எல்லாம் மாறியது" என்ற பின்னணிக் குரல், டைட்டில். தமிழ்நாட்டில் இந்தத் தொடரைப் பார்க்க உட்காருகிறவருக்குப் புயல் வந்ததும் ரயில் கடலில் போனதும் தெரியும். தெரியாதவருக்கும் தொடரின் பெயரும் விளம்பரமும் சொல்லியிருக்கும். அவருக்குத் தெரிந்த ஒன்றை ரகசியம்போல் கையில் மூடிவைத்துக் காட்டினால் எரிச்சல்தான் வரும்.

இந்த இடத்தில் நான் எப்போதும் காட்டும் முன்மாதிரி, 1973இல் பிரிட்டனின் தேம்ஸ் டெலிவிஷன் வெளியிட்ட ‘தி வேர்ல்ட் அட் வார்’. இரண்டாம் உலகப் போரைப் பற்றிய 26 பகுதிகள். போரில் யார் வென்றார்கள் என்பதை உலகமே அறியும். முதல் பகுதி 1933இன் ஜெர்மனியிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் டைட்டிலுக்கு முன் நாம் பார்ப்பது 1944இல் அழிக்கப்பட்ட ஒராதூர்-சுர்-கிளான் என்ற பிரெஞ்சுக் கிராமத்தின் இடிபாடுகளை. ஒரு கோடை நாளில் சிப்பாய்கள் இந்தச் சாலை வழியாக வந்தார்கள் என்று லாரன்ஸ் ஒலிவியரின் குரல் தொடங்குகிறது. ஆண்களைக் கொட்டில்களுக்குக் கொண்டுபோனதும், பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்துக்குள் அடைத்ததும், எல்லோரும் கொல்லப்பட்டதும் அடங்கிய குரலில் சொல்லப்படுகின்றன.

எதைச் சொல்லவில்லை என்று கவனியுங்கள். அங்கே 600க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த எண் வருவதில்லை. வந்தவர்கள் "சிப்பாய்கள்", அவ்வளவுதான். எந்த நாட்டவர், எந்தப் படை என்பது இல்லை. காரணம் இல்லை. விளைவு முழுவதையும் முதலிலேயே வைத்துவிட்டு, மனிதர்கள் எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதை மட்டும் பின்னால் வரும் பகுதிகளுக்கு விட்டுவிடுகிறார்கள். கடைசிப் பகுதி மீண்டும் அதே கிராமத்துக்குத் திரும்புகிறது.

தனுஷ்கோடிக்குத் திரும்புவோம்

கையில் இருப்பவற்றை மேசைமேல் பரப்புவோம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பயணிகள் ரயில். அதில் நூறுக்கும் மேற்பட்டவர்கள். தலைமன்னாருக்குக் கப்பல் போய்வந்த துறைமுகம். கிர்டர்களை இழந்த பாம்பன் பாலம். அதை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சீர்செய்தது. வாழத் தகுதியற்றது என்று கைவிடப்பட்ட ஊர். இவற்றில் எதை முன்னால் வைப்பது?

மாணவர்கள் முதலில் கை வைப்பது பாலத்தின்மேல்தான். படம் பிரம்மாண்டமாக இருக்கும், 46 நாள் என்பதும் அசத்தலான எண். ஆனால் அது நான்காம் பகுதியின் கதை. அதை முன்னால் எடுத்துவிட்டால் முதல் மூன்று பகுதிகளும் "சரி, கடைசியில் சரியாகிவிட்டது" என்ற நினைப்போடு பார்க்கப்படும். துறைமுகம் முதல் பகுதியின் உடல். அதைப் பொறுமையாகச் சொல்ல நேரம் இருக்கிறது. மிஞ்சுவது ரயில். ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்ததாயிற்றே?

தெரிந்த கதையைத் திரும்பப் படித்துப் பார்த்தால் ஒரு முடிச்சு அகப்படுகிறது. தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றது, ஓட்டுநர் காத்திருந்துவிட்டு நீளமாக விசில் கொடுத்து வண்டியை நகர்த்தினார் என்றுதான் அந்தக் கதை பலராலும் சொல்லப்பட்டு வருகிறது. வண்டியில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை என்றும் அதே கதை சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முன்காட்சி எழுதப்பட்டுவிட்டது.

இன்றைய தனுஷ்கோடி. ட்ரோன் வேண்டாம், கேமரா மணலிலிருந்து ஓர் அடி உயரத்தில். ரயில் நிலையத்தின் எஞ்சிய சுவர். காற்றின் ஓசை மட்டும். ஒரே இடம், நான்கைந்து ஷாட். பின்னணிக் குரல்:

"1964 டிசம்பர் 22. நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து ஒரு ரயில் இந்த ஊருக்குப் புறப்பட்டது. ஊர் எல்லையில் சிக்னல் கிடைக்கவில்லை. ஓட்டுநர் காத்திருந்தார். பிறகு நீளமாக விசில் கொடுத்துவிட்டு வண்டியை நகர்த்தினார் என்கிறார்கள். வண்டியைக் கடல் கொண்டுபோயிற்று. அதில் இருந்த யாரும் பிழைக்கவில்லை."

மூன்று நொடி காற்று.

"அப்படியானால் அந்த விசிலைக் கேட்டது யார்?"

டைட்டில். இடைவெளிகளோடு சேர்த்து ஒன்றேகால் நிமிடம் வரும். ஊரறிந்த மரணம் முழுவதும் சொல்லப்பட்டுவிட்டது. யாரும் கேட்டிராத கேள்வி ஒன்று மட்டும் பாக்கி. அதோடு, வாய்வழிக் கதைக்கும் ஆவணத்துக்கும் உள்ள தூரத்தைத் தொடர் பேசப்போகிறது என்பதும் சொல்லாமலே புரிகிறது.

தீர்க்க முடியாத கடன்

இங்கேதான் மிக மோசமான தவறு காத்திருக்கிறது. கேள்வி நன்றாக இருக்கிறது என்பதற்காக, விடை தேடாமலே அதை வைத்துவிடுவது. அந்த விசிலைப் பற்றிய செய்தி எங்கிருந்து கிளம்பியது என்பதை ரயில்வே விசாரணைப் பதிவுகளிலும் அன்றைய செய்தித்தாள்களிலும் கரையில் இருந்தவர்களின் நினைவிலும் தேடிய உழைப்பு மூன்றாம் பகுதியில் இருந்தால்தான் இந்த வரிக்கு உரிமை உண்டு. விடை கிடைக்காமல் போகலாம், தேடலே காட்சியாகட்டும். தேடலும் இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். அதனால்தான் நான் முன்காட்சியைக் கடைசியில் வெட்டுவேன், நான்கு பகுதிகளும் ஓரளவு உருவான பிறகு. முதலிலேயே வெட்டி வைத்தவர்கள், பிறகு தொடரை அதற்கேற்ப வளைக்கத் தொடங்குவார்கள்.

இதன் சின்னத் தம்பி, பேட்டியைப் பாதியில் அறுப்பது. ஒருவர் "கதவைத் திறந்தேன், அப்போது..." என்கிறார். வெட்டு, டைட்டில். முழுப் பேட்டியில் அவர் சொன்னது "அப்போது பக்கத்து வீட்டுக்காரர் நின்றிருந்தார்" என்பதுதான். பார்ப்பவருக்கு இது ஏமாற்று. பேசியவருக்கு இது அநியாயம்.

பெயர்ப் பட்டையும் காட்டிக்கொடுக்கும். முதல் முறை முகம் காட்டும்போதே "புயலில் தம்பியை இழந்தவர்" என்று கீழே போட்டுவிட்டால், அந்தத் தம்பி கதையில் உயிரோடு வரும் அரைமணி நேரமும் பாழ். "தனுஷ்கோடியில் பிறந்தவர்" போதும்.

டைட்டில் எனும் கதவு

டைட்டில் காட்சியைத் தனியாக ஒரு வரைகலைக் குழு செய்யும். அவர்கள் பெரும்பாலும் முன்காட்சியைப் பார்த்திருக்க மாட்டார்கள். விளைவு, முன்காட்சியில் ஒரு நிமிடம் கடலைக் காட்டிய பிறகு டைட்டிலிலும் நாற்பது நொடி கடல். மணலும் சுவரும் முன்காட்சி என்றால் டைட்டில் வேறு பொருளால் ஆகட்டும்: ரயில் டிக்கெட், கால அட்டவணை, கப்பல் பயணச்சீட்டு போன்ற காகிதங்கள், மெல்ல ஈரம் ஏறி மை கரைவது. நான்கு பகுதிகளிலும் ஓடும் காட்சி என்பதால் ஏதேனும் ஒரு பகுதியின் முடிவை மட்டும் சுமக்கும் படம் அதில் இருக்கக் கூடாது. சிதைந்த பாலம் இங்கும் வேண்டாம். இன்று பலரும் டைட்டிலைத் தாண்டிவிடும் பொத்தானை அழுத்துகிறார்கள். ஆகவே கதைக்கு அவசியமான தகவல் எதையும் டைட்டிலுக்குள் வைக்காதீர்கள்.

ஒலியையும் கவனிக்க வேண்டும். கேள்வி முடிந்த அதே பிரேமில் இசை வெடித்தால் கேள்வி செத்துவிடும். நொடிக்கு 25 பிரேம் என்றால் பதினைந்து இருபது பிரேம் காற்று மட்டும் இருக்கட்டும். அதே காற்று டைட்டிலின் முதல் இசைக்குறிப்புக்கு அடியிலும் ஓடி மெல்ல மறையட்டும்.

தமிழில் டைட்டில் செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தோன்றச் செய்யும் ஆயத்த அசைவுகள் ஆங்கில எழுத்துக்கு ஏற்றவை. ‘தனுஷ்கோடி’யில் அவற்றைப் போட்டால் ‘கோ’ உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் தனித்தனியே பறந்து வரும். ‘ஷ்’ மேலுள்ள புள்ளி பிந்தி வந்து உட்காரும். மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை முதலில் தேர்ந்தெடுங்கள். பிறகு தலைப்பை வடிவங்களாக மாற்றி, த, னு, ஷ், கோ, டி என்று ஐந்து துண்டுகளாக நீங்களே கட்டி அசையுங்கள்.

இரண்டாம் பகுதியிலிருந்து "இதுவரை நடந்தது" என்று முதல் பகுதியைச் சுருக்கி டைட்டிலுக்கு முன் ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. நான்கையும் ஒரே மூச்சில் பார்ப்பவருக்கு அது வீண். விசில் கேள்வியையே மறுபடி கேட்பதும் சோம்பல். இரண்டாம் பகுதி அந்த ரயிலுக்குள் போகிறது என்றால் பாம்பன் நடைமேடையில் தொடங்கலாம்: வண்டியைத் தவறவிட்ட ஒருவர் கிடைத்திருந்தால் அவருடைய முழுப் பேச்சோடு, அறுக்காமல்.