டாப்ளரில் ‘ரத்த ஓட்டம் சரியில்லை’ என்று வந்தால்: ஐந்தாம் மாத ரிப்போர்ட்டில் நடக்கும் தவறுகள்

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண் ஒருத்தி. 22 வாரம், தலைப்பிரசவம். மாமியார்தான் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். “புள்ளைக்கு ரத்த ஓட்டம் கம்மின்னு சொல்லுதாவ டாக்டரம்மா. ரெண்டு நாளா இவ சாப்பிடவே மாட்டேங்கா.” அவர்கள் வேறொரு இடத்தில் எடுத்திருந்த ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். பிள்ளைக்கு ரத்த ஓட்டம் கம்மி என்று அதில் எங்கும் இல்லை. இடது பக்கக் கர்ப்பப்பைத் தமனியில் எதிர்ப்பு அதிகம், நாட்ச், அதாவது ரத்த ஓட்ட அலையில் ஒரு பள்ளம், இருக்கிறது என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

முதல் தவறு இதுதான். கர்ப்பப்பைத் தமனி தாயினுடையது. தொப்புள்கொடித் தமனி பிள்ளையினுடையது. இரண்டையும் ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேனில்தான் பார்க்கிறோம் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. ஐந்தாம் மாதத்தில் தாயின் தமனியைப் பார்ப்பது, நஞ்சுக்கொடி நன்றாக வேர் பிடித்திருக்கிறதா என்று அறிவதற்காக. கர்ப்பம் ஆரம்பித்த மாதங்களில் நஞ்சின் செல்கள் கர்ப்பப்பைச் சுவருக்குள் இறங்கி, அங்கே சுருள் சுருளாக இருக்கும் சின்ன ரத்தக்குழாய்களின் தசையைக் கரைத்து அகலப்படுத்துகின்றன. வயலுக்குள் தண்ணீர் விழும் வாய்மடையை வெட்டி அகலமாக்குவதைப் போல. அது சரியாக நடக்காவிட்டால் மேலே கால்வாயில் தண்ணீர் எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்பைத்தான் பி.ஐ. என்ற எண்ணாக அளக்கிறோம். ரிப்போர்ட்டில் UtA PI என்று இருக்கும். எண் கூடினால், இந்தத் தாய்க்குப் பின்னாளில் ப்ரீ எக்ளாம்ப்சியா, அதாவது பி.பி. ஏறி சிறுநீரகம், ஈரல் வரைக்கும் பாதிக்கும் நிலை, வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று அர்த்தம். பிள்ளையின் எடை குறையும் வாய்ப்பும் அப்படியே. இன்றைக்குப் பிள்ளை மூச்சுமுட்டிக் கிடக்கிறது என்று அர்த்தமில்லை.

அந்தப் பெண்ணைப் படுக்கவைத்து மறுபடி பார்த்தேன். புரோபை அடிவயிற்றில் ஓரமாக வைத்து, கலர் போட்டு, தொடைக்குப் போகும் பெரிய தமனியைக் கர்ப்பப்பைத் தமனி தாண்டுகிற இடத்தைத் தேடவேண்டும். தாண்டிய இடத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குள்ளேயே, கிளை பிரியும் முன்னால், அளக்கவேண்டும். அதைவிட்டுத் தள்ளிப்போய்க் கிளையில் அளந்தால் எண் பொய்யாகக் குறைந்துவிடும். அளக்கும்போது கர்ப்பப்பை இறுகியிருந்தால் பொய்யாகக் கூடிவிடும். அப்போது கையை எடுத்துவிட்டு, அது தளரும்வரை காத்திருப்பதுதான் வழி. திரையில் ஒரே மாதிரி மூன்று அலைகளாவது வரிசையாக வந்தால்தான் அந்த எண்ணை நம்புவேன்.

இவளுக்கு வலது 1.04, இடது 1.62. இடது அலையில் நாட்ச் தெளிவாகவே தெரிந்தது: உச்சியிலிருந்து அலை இறங்கும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். ஆனால் நஞ்சு முழுக்க வலது பக்கம் ஒட்டியிருந்தது. நஞ்சு இருக்கும் பக்கம் ரத்தம் தாராளமாகப் போகும், இல்லாத பக்கம் எதிர்ப்பு கூடும், அது இயல்பு. அதனால்தான் ஒரு பக்கத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் இரண்டின் சராசரியை எடுக்கிறோம். இவளுக்குச் சராசரி 1.33. வயிற்றின் மேலிருந்து பார்க்கும்போது 23 வாரத்தை ஒட்டி 1.44க்கு மேல் போனால்தான் அதிகம் என்று வைத்துக்கொள்கிறோம். உள்வழி ஸ்கேனில் அந்த எல்லை இன்னும் சற்று மேலே இருக்கும். எந்த வழியில் அளந்தது என்று ரிப்போர்ட்டில் எழுதாதவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். நாட்ச் என்பது கண்ணால் பார்த்துச் சொல்வது, ஆளுக்கு ஆள் மாறும். ஒரு பக்கம் மட்டும் நாட்ச் இருப்பதை வைத்து ஒரு குடும்பத்தையே இரண்டு நாள் பட்டினி போட்டிருக்க வேண்டாம்.

இனி, எண் உண்மையிலேயே கூடியிருந்தால்? 23 வாரத்தில் வந்த இன்னொருத்திக்கு வலது 1.71, இடது 1.83, சராசரி 1.77. இரண்டு பக்கமும் நாட்ச். அவள் கணவர் கேட்டது, “ஆஸ்பிரின் போட்டா சரியாயிருமாமே?”

பலரும் தடுமாறும் இடம் இது. ஆஸ்பிரின் உதவும், ஆனால் காலத்தோடு தொடங்கினால்தான். 2017இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில், ஆபத்து அதிகம் என்று மூன்றாம் மாதப் பரிசோதனைகளிலேயே தெரிந்த பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை தினமும் ராத்திரி 150 மில்லிகிராம் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவமாகும் அளவுக்கான ப்ரீ எக்ளாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. 16 வாரத்துக்கு முன்பே தொடங்கவேண்டும் என்பது அதனால்தான். 23 வாரத்தில் வாய்மடை வெட்டும் வேலை முடிந்துபோயிருக்கும். அப்போது புதிதாகத் தொடங்குவதில் அந்த அளவுக்குப் பலன் எதிர்பார்க்க முடியாது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மூன்றாம் மாதத்திலிருந்தே ஆஸ்பிரின் போட்டுவரும் பெண், ஐந்தாம் மாத டாப்ளர் நன்றாக இருக்கிறது என்றதும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறாள்.

“அப்ப ரெண்டு வாரம் கழிச்சு வந்து, கொறஞ்சிருக்கான்னு பாக்கலாமா?” என்றார் அவர். அதே தமனியைத் திரும்பத் திரும்ப அளப்பதில் பெரிய பயன் இல்லை. எண் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டது. இனிப் பார்க்கவேண்டியது பி.பி.யை, சிறுநீரில் புரதத்தை, நாலு வாரத்துக்கு ஒருமுறை பிள்ளையின் வளர்ச்சியை. பிள்ளை சிறுத்தால், அப்போது தொப்புள்கொடித் தமனியை. எண் கூடியிருக்கும் பெண்களில் பெரும்பாலானவர்களுக்குப் ப்ரீ எக்ளாம்ப்சியா வராமலே போகும் என்பதையும் அவரிடம் சொன்னேன். அதேபோல, டாப்ளர் நன்றாக இருந்தால் 34 வாரத்துக்கு முன்பே வரும் கடுமையான வகை வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைவு என்று சொல்லலாமே தவிர, மாதம் நெருங்கி வருவதை இந்த டாப்ளர் பாதிகூடப் பிடிப்பதில்லை.

நம்ம பக்கம் இன்னொரு சிக்கல். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். கடுமையான வகை தலைகாட்டுவது பெரும்பாலும் அதை ஒட்டிய வாரங்களில்தான். அங்கே நர்சம்மா புதுசு, டாக்டர் புதுசு, ஐந்தாம் மாத ஸ்கேன் மாமியார் வீட்டு பீரோவில்.

இவளுக்கும் தாய்வீடு திசையன்விளைப் பக்கம். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் 1.77ஐ வட்டம் போட்டு, ‘140/90 வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குழியில் வலி இருந்தால் பி.பி. பார்க்கக்கூடக் காத்திருக்க வேண்டாம்’ என்று பேனாவால் எழுதிக்கொடுத்தேன். கணவர் அதை வளையல் வைத்த பையிலேயே போட்டு அனுப்பியிருக்கிறார். 31 வாரத்தில் அங்கே பி.பி. 146/94, சிறுநீரில் புரதம் இரண்டு பிளஸ். அந்த வட்டத்தைப் பார்த்த நர்சம்மா, உப்பைக் குறைக்கச் சொல்லித் திருப்பி அனுப்பாமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். அங்கே பி.பி. மாத்திரையும், பிள்ளையின் நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசியும் போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். 33 வாரத்தில் பி.பி. மருந்துக்கு அடங்காமல் 160/110ஐத் தாண்ட, வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் ஏற்றிக்கொண்டே சிசேரியன் செய்தார்கள். பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோ. மூன்று வாரம் இன்குபேட்டரில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனது.

முக்கூடல் பெண்ணுக்கு 39 வாரத்தில் சுகப்பிரசவம். பி.பி. ஒருநாளும் 120ஐத் தாண்டவில்லை.