இரவு மாத்திரை அமிட்ரிப்டிலின்: லயத்து வீட்டில் தொடங்குவதும் பாதுகாப்பதும்

தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் இருபது வருடம் கொழுந்து பறித்த ஓர் அம்மாவை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நீரிழிவினால் அவருடைய பாதங்கள் இரவானால் மிளகாய் பூசியதுபோல் எரிந்தன. கிளினிக்கில் அவருக்கு 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தார்கள். மருந்தைப் பற்றி விசாரித்த மகன், அது மனச்சோர்வுக்குரிய மாத்திரை என்று கேள்விப்பட்டு, "அம்மாவுக்குப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார்களா?" என்று கோபத்தோடு என்னிடம் வந்தார். மனச்சோர்வுக்கென்றே வந்த மருந்துதான், ஆனால் அதற்குத் தரும் அளவு இதைவிடப் பல மடங்கு கூடியது. குறைந்த அளவில் அது நரம்புகள் மூளைக்கு அனுப்பும் வலிச் செய்தியைத் தணிக்கிறது. அடிக்கடி வரும் இறுக்கத் தலைவலியைத் தடுப்பதற்கும் இதே முறையில் கொடுக்கிறார்கள்.

முதல் படி: உறையை வாசித்தல். மாத்திரை 10 மில்லிகிராமா, 25 மில்லிகிராமா என்று பாருங்கள். சென்ற மாதம் 10 வாங்கியவருக்கு இம்மாதம் 25 கிடைத்திருந்தால், விழுங்குவதற்கு முன் மருந்து கொடுத்தவரிடம் கேளுங்கள். மாரடைப்பு, இதயத்துடிப்புக் கோளாறு, வலிப்பு, கண் அழுத்த நோய், சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், மருந்தைத் தொடங்கு முன்பே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி: நேரம். படுக்கும்போது விழுங்கினால், விடியற்காலையில் பெரட்டுக்கு எழும்போதும் மயக்கம் கண்ணில் நிற்கும். அந்த அம்மாவும் முதல் வாரம் இரவு பத்து மணிக்கு விழுங்கிவிட்டு, காலையில் பனி படிந்த படிக்கட்டில் தடுமாறினார். வைத்தியரிடம் கேட்டு மாலை ஏழரை மணிக்கு மாற்றியபின் தடுமாற்றம் குறைந்தது. படுக்கையிலிருந்து திடீரென எழாமல், ஓரத்தில் சற்று உட்கார்ந்து பிறகு எழுவது நல்லது, ஏனெனில் எழும்போது இரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றலாம். சாராயத்தோடு இம்மருந்து சேரவே கூடாது. குளிர்காலச் சளிக்கு நாம் கேட்டு வாங்கும் குளோர்ஃபெனிரமைன் மாத்திரையும் மயக்கத்தையும் வாய் உலர்வையும் கூட்டும் என்பதைப் பலர் அறிவதில்லை.

மூன்றாம் படி: பொறுத்திருத்தல். எரிவு முதல் நாளே போகாது. இரண்டு முதல் நான்கு வாரம் வரை ஆகலாம், சிலருக்கு அதற்கும் மேல். பக்க விளைவுகளோ முதல் இரவிலிருந்தே தெரியும். அதனால்தான் பலர் பலன் வருமுன்பே நிறுத்திவிடுகிறார்கள். அளவை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 மில்லிகிராம் வீதம் உயர்த்துவது வைத்தியரின் வேலை, நாமாக இரட்டிப்பாக்கக் கூடாது. ஓர் இரவு மறந்துவிட்டால் காலையில் எடுக்காமல் மறுநாள் இரவு வழக்கம்போல் ஒன்றை எடுத்தால் போதும். நெடுநாள் எடுத்தவர் திடீரென நிறுத்தாமல், வைத்தியர் சொல்லும்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வாய் காய்ந்தால் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கலாம், சீனி போடாத பிளேன்டீயும் நல்லது. இனிப்பு உருண்டை சப்பினால், உமிழ்நீர் குறைந்த வாயில் பற்கள் விரைவாகச் சொத்தையாகும், நீரிழிவுக்காரருக்குச் சீனியும் ஏறும். மலச்சிக்கலுக்குக் கீரையும் தண்ணீரும் பெரும்பாலும் உதவும். சிறுநீர் முற்றாக அடைபட்டாலோ, கண் வலித்துப் பார்வை மங்கினாலோ அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

நான்காம் படி: மாத்திரையை எங்கே வைப்பது. நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். லயத்துக் காம்பராவில் அடுப்படியும் படுக்கையும் பக்கத்திலேயே இருக்கும், மருந்து உறை தலையணைக்கடியிலோ சாமிப் படத்துக்குப் பின்னாலோ கிடக்கும். அந்த வீட்டிலும், பிள்ளை மடுவத்திலிருந்து வந்த இரண்டு வயதுப் பேரன் தாளுறையைப் பிரித்து, மிட்டாய் போன்ற அந்தச் சிறு மாத்திரைகளைத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தான். நல்லவேளையாக எண்ணிக்கை சரியாக இருந்தது. அன்றே ஒரு பழைய பால்மா டின்னைத் தேடி, மாத்திரைகளை உறையோடு அதற்குள் இட்டு, பூட்டிய பெட்டியில் உயரத்தில் வைத்தார்கள். சாவி அம்மாவின் இடுப்பில். மன வேதனையில் இருப்பவர் வீட்டில் இருந்தால், ஒருமுறைக்குச் சில நாட்களுக்கான மருந்தை மட்டும் தருமாறு வைத்தியரிடம் கேளுங்கள், மீதியை நம்பிக்கையானவர் பூட்டி வைத்துக்கொள்ளட்டும். பேச ஆள் வேண்டுமானால் 1926 என்ற மனநல உதவி எண் இருக்கிறது.

ஐந்தாம் படி: தவறி விழுங்கிவிட்டால். குழந்தை ஒரு மாத்திரையை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். இம்மருந்து அளவு மீறினால் இதயத்தின் மின்னோட்டத்தைக் குலைக்கும், வலிப்பை உண்டாக்கும், நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் நினைவிழக்கலாம். கண்மணி விரிதல், தோல் உலர்ந்து சிவத்தல், நாடி வேகம், உளறல் ஆகியவை முன்னதாகத் தெரியும். வாயில் மீதி இருந்தால் எடுத்துவிடுங்கள். உப்புத்தண்ணீரோ தேங்காயெண்ணெயோ கொடுத்து வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள், மயங்கிய பிள்ளைக்கு அது மூச்சுக்குழாயில் போய்விடும். மயக்கமாக இருந்தால் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், மழையில் பாதை அடைபட்டிருந்தால் தோட்டத்து லொறியிலாவது புறப்பட்டுவிடுங்கள். மருந்து உறையையும் மீதி மாத்திரைகளையும் கட்டாயம் கொண்டுசெல்லுங்கள். எத்தனை மில்லிகிராம், எத்தனை குறைகிறது, எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் சொன்னால், அங்கே இதயத்தின் மின்பதிவை எடுத்துப் பார்த்து, தேவையானால் நாளத்தின் வழியாக சோடியம் பைகார்பனேட் ஏற்றுவார்கள். பிள்ளை தெளிவாகத் தெரிந்தாலும் சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருப்பார்கள், அதற்குள் வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள்.