மின்னஞ்சலையும் இணைப்புகளையும் ஒரே பிடிஎஃப் கோப்பில் சேமிக்க

மின்னஞ்சலை அச்சிடும் வழியில் பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு, அதனுடன் வந்த கோப்புகளை அந்தப் பிடிஎஃபுக்குள்ளேயே இணைப்பாகச் செருகிவிட்டால், ஆவணம் ஒன்றாகவே நிற்கும். இதற்கு இலவச pdftk நிரல் போதும்.

```
pdftk mail.pdf attach_files order.xlsx output PO.pdf
```

வெறுமனே அச்சிட்டால் கடிதத்தின் வாசகம் மட்டுமே பதிவாகும். திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனம் ஒன்றுக்கு வரும் ஆர்டர் கடிதத்தில், அளவுப் பட்டியலும் நிறவாரியான எண்ணிக்கையும் பெரும்பாலும் எக்செல் இணைப்பில்தான் இருக்கும். அதைப் பக்கங்களாக மாற்றாமல் அப்படியே செருகுவதால், சூத்திரங்கள் சிதையாமல், பின்னாளில் கணக்கைத் திறந்து சரிபார்க்க முடிகிறது. அக்ரோபேட் ரீடரில் காகிதக் கிளிப் குறியுள்ள பகுதியில் order.xlsx தெரிகிறதா என்று உடனே பார்த்துவிடுவது நல்லது.

கைப்பேசியின் பிடிஎஃப் செயலிகள் பல இவ்விணைப்புகளைக் காட்டுவதில்லை என்பதால், ஆடிட்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப இம்முறை உதவாது. ஜிப் கோப்பையும் விரித்த பிறகே செருக வேண்டும். ஜிப்பாகவே செருகினால், ரீடர் பாதுகாப்புக் கருதி அதைத் திறக்க மறுக்கும். வாங்குபவருடன் வழக்கு வரை போகக்கூடிய கடிதமெனில், அது வந்த வழியைக் காட்டும் தலைப்புத் தகவல்கள் பிடிஎஃபில் இராது, ஆகவே மின்னஞ்சலின் மூல .eml கோப்பையும் தனியே வைத்திருக்க வேண்டும்.