நட்சத்திர எழுத்து பார்த்துப் பெயர் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் கட்டிடத்தில் மூன்றாம் மாடிப் பையனுக்குக் குழந்தை பிறந்தது. செம்பூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இந்த மாதிரி சமயத்தில் முதலில் தட்டப்படும் கதவுகளில் என்னுடையதும் ஒன்று. பஞ்சாங்கம் பார்க்கத் தெரியும், காசு வாங்க மாட்டேன், காபியும் கொடுப்பேன். ஆனால் அந்தப் பையன் கேள்வியோடு வரவில்லை, பதிலோடு வந்தான். "மாமி, அசுவினி முதல் பாதம். சு-ல ஆரம்பிக்கணும். சுஹாஸ்னு ஃபாரம் எழுதிக் கொடுத்தாச்சு."

முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு. எழுத்து மட்டும் வேறு.

தமிழ்ப் பட்டியலில் இருப்பது தமிழ் எழுத்து அல்ல

பெரும்பாலான வீடுகளில் தினசரி நாட்காட்டியிலோ பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கங்களிலோ இருக்கும் பட்டியலைத்தான் பார்க்கிறார்கள். அசுவினிக்கு சு, சே, சோ, லா. சதயத்துக்கு கோ, ஸ, ஸி, ஸு. சில புத்தகங்களில் கிரந்த எழுத்தைத் தவிர்த்து கோ, ச, சி, சு என்றே அச்சிட்டுவிடுவார்கள். அப்போது அசுவினி முதல் பாதத்துக்கும் சு, சதயம் நான்காம் பாதத்துக்கும் சு. ஒரே எழுத்து எப்படி இரண்டு நட்சத்திரத்துக்கு வரும் என்று யாரும் கேட்பதில்லை. தன் குழந்தையின் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

இந்த அட்டவணைக்கு அவகஹடா சக்கரம் என்று பெயர். அ, வ, க, ஹ, ட என்ற முதல் ஐந்து எழுத்தைச் சேர்த்துச் சொன்னால் வருவதுதான் அந்தப் பெயர். ஒவ்வொன்றையும் அ, இ, உ, எ, ஒ என்ற ஐந்து உயிரோடு ஓட்டி, கார்த்திகையில் ஆரம்பித்துப் பாதத்துக்கு ஒன்றாகப் பங்கு போட்டிருக்கிறார்கள். கார்த்திகைக்கு அ, இ, உ, எ. மிச்சமிருக்கும் ஒ ரோகிணிக்குப் போகிறது, கூடவே வ, வி, வு. இப்படி ஐந்தைந்து 25 ஒலி, அதோடு மூன்று உபரி எழுத்து, ஆக 28. ஏழு நட்சத்திரங்களின் பாதங்களுக்குச் சரியாக இருக்கும். இதே போல நான்கு வரிசை உண்டு. இரண்டாவது ம, ட, ப, ர, த. மூன்றாவது ந, ய, ப, ஜ, க. நான்காவது க, ஸ, த, ச, ல.

இப்போது த-வைப் பாருங்கள். இரண்டாவது வரிசையிலும் இருக்கிறது, நான்காவதிலும் இருக்கிறது. இரண்டாவதில் இருப்பது முதல் த, 'பத்து' என்னும்போது வருகிற ஒலி. நான்காவதில் இருப்பது மூன்றாம் த, 'பந்து' என்னும்போது வருவது. முதல் த சுவாதிக்கும் விசாகத்துக்கும் போகிறது. மூன்றாம் த பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதிக்குப் போகிறது. சமஸ்கிருத ஒலிகளை வைத்துக் கட்டிய அட்டவணை இது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே த ஆகிவிடுகின்றன. ப-வுக்கும் இதே கதை: உத்திரத்தில் வருவது முதல் ப, மூலத்தில் வருவது 'பாரதி'யின் கனத்த ப.

என் பெண் விசாகம் முதல் பாதம், துலா ராசி. எழுத்து தி. 'தீபா' என்று வைத்தேன். குறிலா நெடிலா என்றெல்லாம் மாமியாரோடு பெரிய விவாதம் நடந்தது, ஆனால் எந்த த என்று ஒருவரும் கேட்கவில்லை. தீபா என்பது மூன்றாம் த. அது பூரட்டாதி நான்காம் பாதத்தின் எழுத்து, மீன ராசி. விசாகத்துக்கு வேண்டியது திலகாவோ திரிபுரசுந்தரியோ.

ஊரில் இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. மும்பையில் பிறப்புச் சான்றிதழ் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் வரும். அதில் 'தி'யா 'தீ'யா என்பதைவிட எந்த த என்பதுதான் முதலில் கண்ணில் படும். எதிர் வீட்டு ஆஜி சான்றிதழைப் படித்துவிட்டு, "மீன ராசிப் பெண்ணா?" என்று கேட்டார். இல்லை, துலாம் என்றேன். சிரித்துவிட்டுப் போனார். நான் அதை அத்தோடு விட்டேன்.

இருபத்தைந்து வருஷம் கழித்து அது திரும்பி வந்தது. ஒரு நல்ல இடம், பையன் சிம்ம ராசி. அவர்கள் வழக்கத்தில் பிறந்த நேரம் சரியாகத் தெரியாதவர்களுக்குப் பெயரின் முதல் எழுத்தை வைத்தே ராசி எடுத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். நாங்கள் ஜாதகம் அனுப்பியும், அவர்களுடைய ஜோசியர் அதைப் பிரிக்கக்கூட இல்லை. தீபா என்றால் மீனம், சிம்மத்துக்கு எட்டாமிடம், வேண்டாம் என்று முடித்துவிட்டார். துலாம் என்று பார்த்திருந்தால் மூன்றாமிடம், அந்த ஆட்சேபமே வந்திருக்காது. ஜாதகத்தை நீட்டி நான் வாதாடினேன். "அப்படியானால் பெயர் ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பெண்ணுக்கு வேறு இடத்தில் நல்லபடியாகக் கல்யாணம் ஆகி, தானேயில் இருக்கிறாள். இருந்தாலும் அந்தக் கேள்வி எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆகவே தமிழ்ப் பட்டியலில் க, ச, ட, த, ப வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தேவநாகரியில் அச்சான பட்டியலை எடுத்து, அதே பாதத்தில் எந்த எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் எந்தப் பிள்ளையாவது சொல்லும். பிறகு நீங்கள் நினைத்திருக்கும் பெயரை அந்தப் பிள்ளையையே ஹிந்தியில் எழுதச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கினால் சரி. ஆங்கிலப் பட்டியலை நம்பவேண்டாம். அதில் சுவாதியின் த-வும் பூரத்தின் ட-வும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அசுவினிக்கு வரும் சு, 'பச்சை'யில் வரும் அழுத்தமான ச. சுஹாஸ், சுதா, சுந்தர், சுரேஷ் எல்லாம் ஸு, எல்லாமே சதயம். சே-க்கும் அப்படித்தான்: சேதன் என்றால் அசுவினி, சேது என்றால் பூரட்டாதி. அழுத்தமான சு-வில் அழகான பெயர் கிடைப்பது கஷ்டம் என்பதால் நான் அசுவினிக்காரர்களை லா-வுக்குத் தள்ளிவிடுவேன். பாதம் மாறினாலும் நட்சத்திரம் மாறாது. லலிதா, லாவண்யா, லக்ஷ்மண் என்று தாராளமாக இருக்கிறது.

சென்னை நாழிகையோடு மும்பை நேரத்தை ஒட்டுவது

பஞ்சாங்கத்தில் நட்சத்திர முடிவு நாழிகையில் இருந்தால், அது அந்தப் பஞ்சாங்கம் கணித்த ஊரின் சூரிய உதயத்திலிருந்து எண்ணியது. ஒரு நாழிகை 24 நிமிஷம். மும்பையில் சூரியன் சென்னையைவிட ஏறக்குறைய அரை மணி தாமதமாக உதிக்கும், மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கூடும், குறையும்.

ஒரு மார்ச் மாத நாளில் சென்னைக் கணக்கில் அசுவினி 31 நாழிகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 12 மணி 24 நிமிஷம். சென்னை உதயம் காலை 6.10 என்றால் அசுவினி மாலை 6.34-க்கு முடிகிறது. சந்திரன் அந்த எல்லையைத் தாண்டும் நொடி நாடு முழுவதற்கும் ஒன்றுதான், கடிகாரமும் ஒன்றுதான். ஆகவே மும்பையிலும் 6.34. ஆனால் நம்மவர்கள் மும்பை உதயமான 6.40-ஐ எடுத்து, அதோடு 31 நாழிகையைக் கூட்டி 7.04 என்பார்கள். மாலை 6.50-க்குப் பிறந்த குழந்தை அசலில் பரணி முதல் பாதம், எழுத்து லி. இந்தக் கணக்கில் அது அசுவினி நான்காம் பாதமாகி லா வாங்கிக்கொண்டு போகும். பக்கத்தில் மணி, நிமிஷமாகவும் அச்சிட்டிருந்தால் அதை மட்டும் பாருங்கள்.

பாதம் ஆறு மணி நேரம் என்பது

சராசரிதான். அன்றைய நட்சத்திரம் தொடங்கியதிலிருந்து முடிவது வரை உள்ள நேரத்தை நான்கால் வகுக்கவேண்டும். 25 மணி 20 நிமிஷம் ஓடினால் ஒரு பாதம் 6 மணி 20 நிமிஷம்.

வாக்கியத்தில் ஒன்று, திருக்கணிதத்தில் ஒன்று

எல்லைக்குப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த இரண்டு வகைப் பஞ்சாங்கத்திலும் வேறு வேறு பாதம் வரலாம். ஜாதகம் எதில் கணிக்கிறீர்களோ எழுத்தும் அதில்தான்.

திருவோணத்துக்கு இரண்டு பட்டியல்

ஜு, ஜே, ஜோ என்று பார்த்தால் அது அபிஜித்தின் எழுத்து வழிமாறி வந்தது. அவகஹடாவில் அபிஜித்தையும் சேர்த்து 28 நட்சத்திரம். அதை விட்டுவிட்டு 27 ஆக்கும்போது அதன் எழுத்தைச் சிலர் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். திருவோணத்துக்கு உரியது இரண்டாம் க: கி, கு, கே, கோ. இதில் பெயர் கிடைப்பது அரிது என்பதால்தான் ஜு, ஜே, ஜோ செல்லுபடியாகிறது.

ங, ஞ, ண வந்துவிட்டதே என்று பயப்படுவது

வேண்டாம். முன்னே சொன்ன உபரி எழுத்துகள்தான் இவை. அதே நட்சத்திரத்தின் வேறு பாதத்து எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

குறில், நெடில்

அட்டவணையில் அந்த வித்தியாசமே கிடையாது. என் மாமியாரிடம் அப்போது யாராவது சொல்லியிருக்கலாம்.

பெயரோடுதான் பதிவு செய்யவேண்டும் என்று அவசரப்படுவது

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயரை அல்ல. பெயர் இடத்தைக் காலியாக விட்டுக் கொடுக்கலாம். 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரை அவகாசம் உண்டு. ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவது பிரமாணப் பத்திரம், அரசிதழ் என்று அலைச்சல். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழ்தான் முதல் ஆவணம் என்று ஆகிவிட்டதால், ஒரு எழுத்து பிசகினாலும் இழுத்துக்கொண்டே போகும்.

மூன்றாம் மாடிப் பையனிடம், ஃபாரம் போனது போகட்டும், சுஹாஸே இருக்கட்டும் என்றேன். புண்யாஹவாசனத்தன்று அரிசியில் எழுதிக் காதில் சொல்லும் பெயரை லக்ஷ்மணன் என்று வைத்துக்கொண்டார்கள். ஜாதகத்தில் இரண்டு பெயரையும் எழுதி, அசுவினி, மேஷம் என்பதை அடிக்கோடிட்டுக் கொடுத்தேன். பெயரை வைத்து யாராவது கும்ப ராசி என்று ஆரம்பித்தால், முதலில் இந்தத் தாளைக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

தீபா இப்போதும் வைகாசி விசாகத்துக்கு சேடா நகர் முருகன் கோவிலுக்கு வருவாள். அர்ச்சனைக்குக் கொடுக்கும்போது பெயருக்கு முன்னாலேயே "விசாகம், துலா ராசி" என்று சொல்லிவிடுவாள்.