வரிப் பணம் டெபிட் ஆகிவிட்டது, சலான் வரவில்லை: மறுபடி கட்டும் முன் என்ன பார்க்க வேண்டும்?

வருமான வரித் தளத்தில் கடைசி நாள் மாலை Pay Now அழுத்திவிட்டு வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். சம்பளக்காரர்களுக்கு வழக்கமாக ஜூலை 31. முன்வரி கட்டுபவர்களுக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் தேதி. இந்த நாள்களில் மாலை ஆனதும் வங்கியின் பக்கமும் திணறும், வரித் தளமும் திணறும். பணம் வங்கியை விட்டுக் கிளம்பியிருக்கும். கிளம்பிவிட்டது என்ற செய்தி மட்டும் வரித் தளத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

எப்படி லாகின் செய்வது, பான் எண்ணை எங்கே போடுவது என்பதெல்லாம் இங்கே இல்லை. e-Pay Tax பக்கம் வரை நீங்கள் வந்துவிட்டதாக வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பணம் கட்டும் முன்பே CRN-ஐக் குறித்துக்கொள்ளுங்கள்

பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். நீங்கள் ஒரு சலான் உருவாக்கும்போது தளம் அதற்கு CRN என்று ஓர் எண் தரும். தளத்தைப் பொறுத்தவரை உங்கள் பணத்துக்கு அந்த எண்தான் அடையாளம். ‘இவர் இதே ஆண்டுக்கு இதே தொகையைப் பத்து நிமிடம் முன்புதானே கட்டினார்’ என்று அது யோசிக்காது. முதலிலிருந்து புதிதாக ஒரு சலான் போட்டால் புதிய CRN வரும். இரண்டு CRN-க்கும் பணம் போய்ச் சேர்ந்தால் இரண்டுமே செல்லுபடியாகும் வரிதான். உங்களை நிறுத்தி எச்சரிக்க அங்கே யாரும் இல்லை.

பணம் வெற்றிகரமாகச் சேர்ந்த பிறகு வருவது CIN. அதோடு வரும் சலான் ரசீதில் வங்கிக் கிளையின் BSR குறியீடு, தேதி, சலான் வரிசை எண் மூன்றும் இருக்கும். ரிட்டர்னில் நிரப்ப வேண்டியவை அவைதான். ஆக CRN இருந்தால் ‘கட்டப் போகிறேன்’, CIN இருந்தால் ‘கட்டிவிட்டேன்’. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மீதிக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

CRN, தொகை, நேரம் மூன்றும் தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வங்கியோடு பேச வேண்டி வந்தால் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.

படி 2: திரை உறைந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

ரிஃப்ரெஷ் வேண்டாம், பின்னால் போகும் பட்டனும் வேண்டாம். சில நிமிடங்கள் அப்படியே விட்டுப் பாருங்கள். ஒன்றும் நகரவில்லை என்றால் அந்த டேபை மூடிவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 3: இரண்டு இடத்தில் பாருங்கள், இந்த வரிசையில்

முதலில் வங்கிக் கணக்கு. எஸ்எம்எஸ்ஸை நம்பாதீர்கள். கூட்ட நேரத்தில் எஸ்எம்எஸ் தாமதமாக வரும், சில நேரம் வராமலே போகும். வங்கி ஆப்பில் கணக்கு விவரத்தைத் திறந்து, அந்தத் தொகைக்கு டெபிட் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் கீழே இருக்கும் பரிவர்த்தனை எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு வரித் தளம். e-Pay Tax உள்ளே Payment History டேபில் அந்தத் தொகைக்கு CIN வந்திருக்கிறதா என்று பாருங்கள். AIS என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையைப் போய்ப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் பதிவு ஏறச் சில நாள் ஆகும், அன்று மாலையே அதில் இல்லாததற்கு அர்த்தம் எதுவும் கிடையாது.

இப்போது நீங்கள் மூன்று நிலைகளில் ஒன்றில் இருப்பீர்கள். CIN வந்திருந்தால் வேலை முடிந்தது. ரசீது திரையில் வராமல் போனது மட்டும்தான் பிரச்சினை, சலானை அங்கேயே இறக்கிக்கொள்ளலாம். டெபிட்டும் இல்லை, CIN-உம் இல்லை என்றால், அரை மணி நேரம் கழித்து இன்னொரு முறை கணக்கைப் பார்த்துவிட்டு மறுபடி கட்டலாம். சிக்கல் மூன்றாவதில்: டெபிட் ஆகிவிட்டது, CIN இல்லை.

படி 4: அந்த மூன்றாவது நிலை

இந்தப் பணம் இரண்டில் ஒரு வழியில்தான் முடியும். வங்கியும் வரித் தளமும் கணக்கைச் சரிபார்த்து CIN தாமதமாக வரும், அல்லது பணம் உங்கள் கணக்குக்கே திரும்பும். எது நடக்கும் என்று அந்த நிமிடத்தில் உங்களுக்கும் தெரியாது, வாடிக்கையாளர் சேவையில் பேசுகிறவருக்கும் தெரியாது.

கார்டு, யுபிஐ இரண்டுக்கும் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு காலக்கெடு வைத்தது. பணம் கழிக்கப்பட்டு, பெறுபவருக்கு உறுதிச் செய்தி போகாமல் இருந்தால், அடுத்த 5 நாள்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதனால் டெபிட் ஆன அன்றே ‘பணம் போச்சு’ என்று முடிவு கட்ட வேண்டாம். அந்தச் சுற்றறிக்கையின் பட்டியலில் நெட்பேங்கிங் தனியாக இல்லை. அதில் மாட்டினால் பரிவர்த்தனை எண்ணோடு வங்கியிடம் எழுத்தில் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

கெடு தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தால் பதில் சுலபம்: பொறுங்கள். இன்றுதான் கடைசி நாள் என்றால் கணக்குப் போட வேண்டும். கட்ட வேண்டியது 18,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 31 மாலை நெட்பேங்கிங்கில் போட்டீர்கள், டெபிட் ஆனது, CIN இல்லை. காத்திருந்து, கடைசியில் பணம் திரும்பி, ஆகஸ்டில் கட்ட நேர்ந்தால் வட்டி மாதத்துக்கு 1 சதவீதம். ஒரு நாள் தாண்டினாலும் முழு மாதக் கணக்குதான். ஆக 184 ரூபாய். ஆனால் ரிட்டர்னையே தாக்கல் செய்யாமல் கெடுவைத் தாண்டினால் தாமதக் கட்டணம் தனி: வருமானம் 5 லட்சத்துக்கு மேல் என்றால் 5,000 ரூபாய், அதற்குள் என்றால் 1,000. இந்தத் தொகைதான் வலிக்கும்.

கையில் இன்னொரு 18,400 இருந்து, அது ஒன்றிரண்டு மாதம் முடங்கினாலும் பரவாயில்லை என்றால், நான் மறுபடி கட்டிவிட்டுத் தாக்கலை முடிப்பேன். வருமான வரியில் இரட்டைக் கட்டணம் மூழ்கிப்போகாது. முதல் பணத்துக்கும் CIN வந்துவிட்டால் இரண்டு சலானையும் ரிட்டர்னில் காட்டினால் கூடுதல் தொகை ரீஃபண்டாக வரும். முதலாவது பிறகுதான் வந்தது என்றால் திருத்திய ரிட்டர்னில் சேர்த்துக்கொள்ளலாம். கையில் இன்னொரு தொகை இல்லையென்றால், தாக்கலின்போது வரும் Pay Later வழியில் ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டுவிடுங்கள். வரி பாக்கி என்று வட்டியோடு நோட்டீஸ் வரும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். ஆனால் தாமதக் கட்டணம் விழாது.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். இந்தக் கணக்கு வருமான வரிக்குத்தான். தேர்வு விண்ணப்பக் கட்டணம் மாதிரி ரீஃபண்ட் விதி இறுக்கமான தளங்களில் டெபிட் ஆன பிறகு இரண்டாம் முறை கட்டுவதை நான் கடைசி மணி வரை தள்ளிப்போடுவேன்.

படி 5: மறுபடி கட்டும்போது வழியை மாற்றுங்கள்

நெட்பேங்கிங் திணறியதென்றால் அதே நெட்பேங்கிங்கில் போய் முட்டிக்கொள்ள வேண்டாம். எனக்குப் பிடித்தது NEFT/RTGS வழி. தளம் ஒரு படிவம் தரும். அதில் உள்ள கணக்கு எண்ணுக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டுக்கும் உங்கள் வங்கி ஆப்பிலிருந்து சாதாரணமாகப் பணம் அனுப்புவதுபோல அனுப்ப வேண்டியதுதான். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவும் வேலையே இல்லை, அதனால் நடுவில் அறுந்துபோக எதுவும் இல்லை. தொகை ஒரு ரூபாய்கூட மாறக் கூடாது. NEFT 24 மணி நேரமும் அரை மணிக்கு ஒரு தொகுதியாக ஓடுகிறது, யுடிஆர் எண்ணும் கையில் கிடைக்கும்.

இதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. புதிய பயனாளியைச் சேர்த்தால் பல வங்கிகள் முதல் சில மணி நேரத்துக்கோ ஒரு நாளுக்கோ அனுப்பும் வரம்பைக் குறைத்துவிடும். 18,400 போகலாம், ஒன்றரை லட்சம் போகாமல் நிற்கலாம். அப்புறம், கடைசி நாள் இரவு 11 மணிக்கு இதைத் தொடாதீர்கள். பணம் மறுபக்கம் சேரும்போது தேதி மாறிவிடலாம். RTGS என்றால் குறைந்தபட்சம் 2 லட்சம் வேண்டும் என்பதால் பெரும்பாலானவர்களுக்கு அது பொருந்தாது.

அவசரத்தில் இரண்டாம் சலானில் மதிப்பீட்டு ஆண்டைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது அடிக்கடி நடக்கிறது. ஆண்டைத் திருத்த தளத்திலேயே வசதி உண்டு, ஆனால் கட்டிய 7 நாள்களுக்குள் செய்ய வேண்டும். முதல் ஸ்கிரீன்ஷாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டுவிட்டு அழுத்துங்கள்.

பிறகு சேர்த்தது

யுபிஐயில் கட்டியவர்கள் கேட்ட கேள்விகளிலிருந்து இரண்டு விஷயங்கள். ஆப்பில் Pending என்று இருந்தால் அது தோல்வி இல்லை, அதன் மேல் இன்னொரு முறை கட்டாதீர்கள். Failed அல்லது Success ஆகும் வரை பொறுங்கள். இரண்டாவது, பழைய க்யூஆர் குறியீடு. முதல் முயற்சியில் வந்த குறியீட்டை ஸ்கிரீன்ஷாட்டாகக் குடும்பத்தில் யாருக்காவது அனுப்பி ‘நீ கட்டு’ என்று சொல்லியிருப்பீர்கள். அவர் தாமதமாக ஸ்கேன் செய்கிறார், அதற்குள் நீங்கள் புதிய குறியீட்டில் கட்டிவிட்டீர்கள். பழையது காலாவதி ஆகியிருந்தால் தப்பித்தீர்கள், இல்லையென்றால் இரட்டைக் கட்டணம். புதிதாக ஒன்றைத் தொடங்கும் முன் பழையதை அழிக்கச் சொல்லிவிடுங்கள். ஆப்பில் காத்திருக்கும் பழைய பணக் கோரிக்கை இருந்தால் அதையும் நிராகரித்துவிடுங்கள்.

இன்னொருவர், பணம் திரும்பவே இல்லை என்று எழுதியிருந்தார். திரும்பியிருந்தது. டெபிட் பதிவு அப்படியேதான் இருக்கும், அது அழியாது. திரும்பிய பணம் வேறு தேதியில் தனி வரவாக, புரியாத ஒரு சுருக்கெழுத்தோடு ஏறும். கணக்கு விவரத்தைத் தொகை வைத்துத் தேடினால் கிடைத்துவிடும்.